டாஸ் விழுந்ததும் வாய்ப்பை எத்தனை புள்ளி நகர்த்தலாம்?

2021 நவம்பர் 14 இரவு, துபாயில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பெருந்துறைக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரியில், ஆஸ்திரேலிய கேப்டன் ஆரோன் ஃபிஞ்ச் டாஸ் ஜெயித்து பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்ததுமே பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். "அவ்ளோதானுங்க, மேட்ச் முடிஞ்சுது" என்றார் கல்லாவில் இருந்தவர். என் நோட்டில் டாஸுக்கு முன் இரு அணிக்கும் 50 என்று எழுதியிருந்தேன். டாஸ் விழுந்ததும் அதை அடித்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு 75 என்று எழுதினேன். நியூசிலாந்து 172 அடித்தது. ஆஸ்திரேலியா ஏழு பந்து மீதம் வைத்து, எட்டு விக்கெட்டில் ஜெயித்தது.

முடிவு சரியாக வந்துவிட்டதால் அந்த 75 சரியான எண் என்று பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அது தவறான எண். ஏன் தவறு, அந்த இடத்தில் எவ்வளவு எழுதியிருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். ஆட்டம் தொடங்கும் முன் நூற்றுக்கு இத்தனை என்று வாய்ப்பைக் கணித்துப் பார்க்கும் பழக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கானது இது. பணம் கட்டுவதற்கானது அல்ல. ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. நோட்டும் பேனாவும் இருந்தால் இந்தக் கணக்குக்குப் போதும்.

முதலில், எதை எண்ணுவது

டாஸ் ஜெயித்த அணி எத்தனை முறை ஆட்டத்தை ஜெயித்தது என்று எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை. அதை விட்டுவிடுங்கள். நாணயம் ரன் எடுப்பதில்லை. அது கேப்டனுக்குத் தருவது ஒரு தேர்வை மட்டும்தான். அந்தத் தேர்வுக்கு மதிப்பு வர இரண்டு விஷயம் சேர வேண்டும். அன்றைக்கு அந்த மைதானத்தில் முதலில் ஆடுவதற்கும் பிறகு ஆடுவதற்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கேப்டன் சரியான பக்கத்தில் படித்திருக்கவும் வேண்டும்.

2024 அக்டோபரில் பெங்களூரு டெஸ்டை நினைத்துப் பாருங்கள். மேகம் மூடிய வானம், மூடி வைத்திருந்த பிட்ச். இந்தியா டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்து, 46 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. அன்றைக்கு முதலில் ஆடுவதற்கும் பிறகு ஆடுவதற்கும் இடையே வித்தியாசம் பெரிதாகவே இருந்தது. டாஸ் ஜெயித்தவர் தவறான பக்கத்தைத் தேர்ந்ததால் அதன் லாபம் நியூசிலாந்துக்குப் போனது. டாஸ் புள்ளிவிவரம் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த ஆட்டம் 'டாஸால் பயனில்லை' என்று பதிவாகும். யார் முதலில் ஆடினார், யார் பிறகு ஆடினார் என்று எண்ணுகிறவருக்குத்தான் உண்மை தெரியும்.

ஆகவே நோட்டில் ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு எண் மட்டும் எழுதுங்கள்: ஆடிய ஆட்டங்கள், அவற்றில் இரண்டாவதாக பேட் செய்த அணி ஜெயித்தவை. பகல் ஆட்டத்தையும் இரவு ஆட்டத்தையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள்.

துபாய் கணக்கு

2021 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டத்துக்கு முன் துபாயில் 12 ஆட்டம் நடந்திருந்தன. அவற்றில் 11 ஆட்டத்தை சேஸிங் அணி ஜெயித்திருந்தது. நூற்றுக்கு 92. என்னுடைய 75 இதிலிருந்து வந்ததுதான். 92-ஐ அப்படியே எழுதக் கை கூசியதால் கொஞ்சம் குறைத்திருந்தேன்.

அந்தப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் வேறு கதை தெரிகிறது. இந்தியா ஸ்காட்லாந்தை 85 ரன்னில் சுருட்டி, 6.3 ஓவரில் எட்டிப்பிடித்தது. நமீபியாவை ஒன்பது விக்கெட்டில் ஜெயித்தது. இந்த இரண்டிலும் இந்தியா முதலில் பேட் செய்திருந்தாலும் ஜெயித்திருக்கும். மைதானத்தைப் பற்றி இவை நமக்கு ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. மறுபக்கம், முதலில் ஆடி ஜெயித்த ஒரே அணி நியூசிலாந்து. அதுவும் ஸ்காட்லாந்தை எதிர்த்து. அந்த ஆட்டமும் அப்படித்தான். பலம் இவ்வளவு ஏறுமாறான ஆட்டங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மிச்சம் ஒன்பது ஆட்டம். ஒன்பதையும் சேஸிங் அணியே ஜெயித்திருக்கிறது.

நூற்றுக்கு நூறு என்றதும் மயங்கிவிடக் கூடாது. அந்த ஒன்பதில் வெஸ்ட் இண்டீஸ் 55 ரன்னில் சுருண்ட ஆட்டமும் உண்டு, வங்கதேசம் 73-இல் சுருண்ட ஆட்டமும் உண்டு. முதல் இன்னிங்ஸிலேயே இப்படிக் கவிழ்ந்த அணியை இரவுப் பனி தோற்கடித்ததாகச் சொல்ல முடியாது. பாகிஸ்தானுக்கு எதிரே ஆப்கானிஸ்தான் டாஸ் ஜெயித்தும் விரும்பி பேட்டிங் எடுத்தது, அந்தத் தோல்வியை டாஸ் மேல் போட முடியாது.

அதைவிடப் பெரிய சங்கதி, ஒன்பது என்பது மிகச் சிறிய எண். முதலில் ஆடுபவருக்கும் பிறகு ஆடுபவருக்கும் சம வாய்ப்பு உள்ள மைதானத்தில்கூட, ஒன்பது பத்து ஆட்டத்தில் வரும் சதவீதம் சர்வ சாதாரணமாக 15 புள்ளி மேலேயோ கீழேயோ போகும். நூறு ஆட்டம் சேர்ந்தால் அந்த ஊசலாட்டம் 5 புள்ளியாகச் சுருங்கும். நானூறு சேர்ந்தால் இரண்டரை. ஒரே மைதானத்தில், ஒரே வடிவத்தில், ஒரே விதியில் நானூறு ஆட்டம் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை.

எண்ணை நடுவுக்கு இழுப்பது

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் கையிலுள்ள ஆட்டங்களோடு 80 கற்பனை ஆட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் 40 சேஸிங் வெற்றி, 40 முதலில் ஆடியவர் வெற்றி. அதாவது, இந்த மைதானத்தைப் பற்றி எதுவும் தெரியாத நிலையில் எல்லா மைதானத்தையும் போலத்தான் இதுவும் இருக்கும் என்று தொடங்குகிறோம். மைதானத்தின் சொந்த ஆட்டங்கள் கூடக்கூட அந்த எண்பதின் பிடி தளரும்.

ஏன் 80? மைதானத்துக்கு மைதானம் சேஸிங் வாய்ப்பில் இருக்கும் உண்மையான வேறுபாடு பெரும்பாலும் ஐந்தாறு புள்ளிக்குள்தான் என்று நான் கருதுகிறேன். அந்தக் கருத்துக்குப் பொருந்துகிற எடை ஏறக்குறைய 80 ஆட்டம். வேறுபாடு இன்னும் பெரிது என்று நினைப்பவர் 50 வைக்கலாம். அதற்குக் கீழே போனால் மறுபடியும் என்னுடைய 75-க்கே வழி திறந்துவிடும்.

துபாய்க்குப் போட்டுப் பார்ப்போம். 9-உடன் 40 சேர்த்தால் 49. ஆட்டங்கள் 9-உடன் 80 சேர்த்தால் 89. 49-ஐ 89-ஆல் வகுத்தால் 0.55. நூற்றுக்கு 55.

ஒன்பதுக்கு ஒன்பது ஜெயித்திருந்தும் கணக்கு 55-க்குத்தான் வருகிறது. முதல் முறை இதைப் பார்த்தபோது எனக்கு ஒப்பவே இல்லை, எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கணக்கு சரிதான். பனி நிச்சயமாக இறங்கும் இரவு என்று வேறு வழியில் தெரிந்தால், 40-க்கு 40 என்று தொடங்காமல் 43-க்கு 37 என்று தொடங்கலாம். அப்போது 52-ஐ 89-ஆல் வகுக்க 58 வரும். சமபலமான இரு அணிக்கு, துபாய் இரவில், அன்றைய நிலையில் என் கை போகக்கூடிய உச்சம் அதுதான். 75 அல்ல.

மைதான எண்ணை அணியின் எண்ணோடு சேர்ப்பது

அணிகள் சமபலம் இல்லையென்றால் என்ன செய்வது? புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழை, 5 புள்ளியை அப்படியே கூட்டிவிடுவது. 60 இருந்தால் 65, 85 இருந்தால் 90, 97 இருந்தால் 102 என்று போய் நிற்கும். வாய்ப்பைச் சதவீதமாகக் கூட்டாமல், விகிதமாக மாற்றிப் பெருக்க வேண்டும். வெல்லும் பங்கைத் தோற்கும் பங்கால் வகுத்தால் வருவது விகிதம். 60 என்றால் 60/40, அதாவது 1.5.

மைதானத்தின் 55-ஐயும் அப்படியே மாற்றுங்கள். துல்லியமாக 49-க்கு 40, அதாவது 1.225. அணி சேஸ் செய்தால் அதன் விகிதத்தை இதனால் பெருக்கவும். முதலில் ஆடினால் வகுக்கவும். 60 மதிப்புள்ள அணி சேஸ் செய்தால் 1.5-ஐ 1.225-ஆல் பெருக்க 1.84. அதைத் திரும்பச் சதவீதமாக்க, 1.84-ஐ 2.84-ஆல் வகுத்தால் 65. முதலில் ஆட நேர்ந்தால் 55. இரண்டின் சராசரி திரும்ப 60-க்கே வந்து நிற்பதைக் கவனியுங்கள். டாஸுக்கு முந்தைய எண்ணில் இரண்டு சாத்தியமும் ஏற்கெனவே கலந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சராசரி பெரிதாக விலகிப் போனால் எங்கேயோ பிழை இருக்கிறது.

85 மதிப்புள்ள அணிக்கு இதே கணக்கைப் போட்டால் சேஸிங்கில் 87, முதலில் ஆடினால் 82. நகர்வு இரண்டு மூன்று புள்ளிதான். பலசாலிக்கு டாஸ் தோற்பது பெரிய அடி அல்ல. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா ஐந்து ஆட்டத்திலும் டாஸ் தோற்றது, ஐந்திலும் ஜெயித்தது.

கைப்பேசியில் விரிதாள் வைத்திருப்பவர்களுக்கு: A2-இல் சேஸிங் வெற்றி, B2-இல் ஆட்டங்கள், C2-இல் அணியின் டாஸுக்கு முந்தைய வாய்ப்பு (0.60 என்பது போல) எழுதினால் மீதியை இந்த வரிகள் பார்த்துக்கொள்ளும். அணி முதலில் ஆடினால் F2-இல் பெருக்கல் குறிக்குப் பதில் வகுத்தல் குறி.

```
D2: =(A2+40)/(B2+80)
E2: =D2/(1-D2)
F2: =C2/(1-C2)*E2
G2: =F2/(1+F2)
```

பனி இறங்குமா என்று பார்ப்பது

43-க்கு 37 என்று தொடங்கலாமா, 40-க்கு 40 என்றா? இதைத் தீர்மானிப்பது பனி. எங்கள் பக்கத்தில் ஒரு மைதானத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆனி மாதத்தில் ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு முன்னால், "அய்யா, இன்னைக்குப் பனி எறங்குமுங்களா?" என்று கேட்டேன். அவர் கையை மேற்கே நீட்டி, "பனி எறங்கோணும்னா காத்து நிக்கோணுமுங்க கண்ணு. இந்தக் காத்துல எங்கீங்க எறங்குறது?" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. இரவில் வானம் தெளிவாக இருந்தால் புல் தன் சூட்டை மேலே விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகமாகக் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் நீராக மாறும் வெப்பநிலை ஒன்று உண்டு. அதைப் பனிநிலை என்பார்கள். புல்லின் சூடு அதைத் தொட்டதும் நீர் படிகிறது. மேகம் இருந்தால் சூடு மேலே போகாது. காற்று அடித்தால் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துகொண்டே இருக்கும், புல் குளிராது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் வரும் காற்று எப்படிப்பட்டது என்று கோயம்புத்தூர், பல்லடம், உடுமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். மார்கழி, தை இரவுகள் இதற்கு நேர் எதிர்: வானம் தெளிவு, காற்று சலனமில்லை, பத்து மணிக்கெல்லாம் வண்டி சீட்டு நனைந்திருக்கும்.

ஆகவே 'ராத்திரி ஆட்டம், அதனால் சேஸிங்' என்ற துபாய்ப் பாடத்தை ஜூன், ஜூலையில் கோயம்புத்தூரில் நடக்கும் டிஎன்பிஎல் ஆட்டத்துக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. வானிலைச் செயலியில் மூன்று எண் பாருங்கள். ஆட்டத்தின் பின்பாதி நேரத்து வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடைவெளி மூன்று டிகிரிக்குள் இருக்கிறதா? காற்று மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டருக்குக் கீழேயா? வானம் தெளிவா? மூன்றுக்கும் ஆம் என்றால் 43-க்கு 37. ஒன்று தவறினாலும் 40-க்கு 40.

ஒரு கணக்கு பார்ப்போம். காற்றடிக்கும் ஆனி மாத இரவில், இந்த சீசனில் ஏழு இரவு ஆட்டம் நடந்து ஐந்தை சேஸிங் அணி ஜெயித்த ஒரு மைதானம் என்று வைத்துக்கொள்வோம். "ஏழுக்கு அஞ்சு மச்சான், டாஸ்தான் எல்லாமே" என்று பக்கத்து நாற்காலியில் குரல் வரும். 45-ஐ 87-ஆல் வகுத்தால் 52-க்குக் கொஞ்சம் கீழே. 60 மதிப்புள்ள அணி அங்கே டாஸ் ஜெயித்து பந்துவீச எடுத்தால் 60 என்பது 61 அரை, 62 ஆகும். அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கிய பிறகு உங்கள் ஊகம் சரியா என்று பார்க்கவும் வழி உண்டு. இரண்டாவது இன்னிங்ஸில் பந்துவீச்சாளர் ஒவ்வொரு பந்துக்கும் துண்டில் துடைக்கிறாரா, இடைவேளையில் கயிற்றை இருபுறமும் பிடித்து அவுட்ஃபீல்டில் இழுத்தார்களா, சுழல் பந்து பிட்ச்சில் பிடித்துத் திரும்பாமல் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று கவனியுங்கள். இதை அந்த ஆட்டத்தின் வரிக்குப் பக்கத்தில் 'பனி உண்டு' அல்லது 'இல்லை' என்று குறித்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து உங்கள் நோட்டில் மிகவும் பயன்படும் பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

மைதானத்தின் பழைய எண்கள் எப்போதும் செல்லுபடியாகும் என்றும் நினைக்க வேண்டாம். ஐபிஎல்லில் 2023 முதல் கேப்டன்கள் இரண்டு அணிப் பட்டியலோடு டாஸுக்கு வந்து, முடிவு தெரிந்த பிறகு ஏற்றதைக் கொடுக்கலாம் என்றானது. 2025-இல் மாலை ஆட்டங்களின் இரண்டாவது இன்னிங்ஸில் பத்து ஓவர் முடிந்ததும் பந்தை மாற்றிக் கேட்கலாம் என்று பனிக்காகவே ஒரு விதி வந்தது. இரண்டுமே டாஸ் தோற்றவரின் சுமையைக் குறைப்பவை. அதற்கு முந்தைய ஆட்டங்களை நோட்டில் அடித்துவிட வேண்டியதில்லை. இரண்டுக்கு ஒன்றாக, பாதி எடைக்குக் கணக்கில் சேருங்கள்.

மற்ற வடிவங்கள்

ஒருநாள் ஆட்டத்தில் டாஸின் எடை பொதுவாக இன்னும் குறைவு. நூறு ஓவர் நீளத்தில் அணிகளின் பலம் வெளியே வர நேரம் இருக்கிறது. பகலிரவு ஆட்டத்தில் மட்டும் பிட்ச் மாலையில் வேறு முகம் காட்டலாம். 2023 உலகக் கோப்பை இறுதியில் அகமதாபாத்தில் ஆஸ்திரேலிய கேப்டன் பேட் கம்மின்ஸ் டாஸ் ஜெயித்து பந்துவீச எடுத்தது அதற்காகத்தான். பிற்பகலில் பந்து நின்று வந்தது, இந்தியா 240. இரவில் பேட்டிங் எளிதாகி, டிராவிஸ் ஹெட் 137 அடித்தார். சமபலமான அணிகளுக்கு இப்படிப்பட்ட நாளில் நான் நான்கு புள்ளி வரை நகர்த்துவேன். முழுப்பகல் ஆட்டத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

அந்த இறுதி ஆட்டத்தில் தொடங்கிய இந்தியாவின் ஒருநாள் டாஸ் தோல்வி வரிசை 2025 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில்தான் முடிந்தது. மொத்தம் தொடர்ந்து 20. தொடங்குமுன்னே ஒரு வரிசையைக் குறிப்பிட்டுச் சொல்லி அது நடப்பதற்கு வாய்ப்பு பத்து லட்சத்து சொச்சத்தில் ஒன்று. இருந்தாலும் 21-ஆவது டாஸுக்கு வாய்ப்பு சரிபாதிதான். 'இந்த முறை விழுந்தே ஆகணும்' என்று டாஸுக்கு முந்தைய எண்ணில் கை வைக்காதீர்கள்.

டெஸ்டில் கதை வேறு. அங்கே லாபம் பெரும்பாலும் முதலில் பேட் செய்வதில், ஏனென்றால் நான்காவது, ஐந்தாவது நாளில் பிட்ச் வெடித்துச் சுழலும். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து நடந்த இரண்டு டெஸ்டும் இதற்குப் பாடம்போல அமைந்தன. முதலாவதில் இங்கிலாந்து டாஸ் ஜெயித்து 578 குவித்து, 227 ரன்னில் வென்றது. இரண்டாவதில் இந்தியா டாஸ் ஜெயித்து 317 ரன்னில் வென்றது. அத்தோடு நிறுத்திக்கொண்டால் டாஸ்தான் டெஸ்ட் என்று தோன்றும். அதே தொடரில் அகமதாபாத்தில் நடந்த அடுத்த இரண்டிலும் இங்கிலாந்தே டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தது, ஒன்றில் பத்து விக்கெட்டிலும் மற்றதில் இன்னிங்ஸ் தோல்வியாகவும் வீழ்ந்தது. இரண்டு மூன்று நாளிலேயே ஆட்டம் முடிந்துவிடும் பிட்ச்சில் நான்காவது நாள் என்பதே வராது, அப்போது முதலில் ஆடுவதன் லாபமும் வராது. டெஸ்டில் நகர்த்தும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த ஆட்டம் நான்காம் நாளைத் தொடுமா? தொடும், பிட்ச்சும் காய்ந்திருக்கிறது என்றால் நான்கைந்து புள்ளி. அதையும் டிராவைத் தொடாமல், இரு அணியின் வெற்றிப் பங்குக்குள் மட்டும் மாற்றுங்கள்.

நம் மாவட்ட லீக் ஆட்டங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாயில் ஆடும் இடங்களில் பிட்ச் நாள் முழுக்க ஒரே மாதிரிதான், அதனால் பெரும்பாலும் டாஸுக்கு எடை இல்லை. மார்கழியில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் மட்டும் பனி தலைகீழாக வேலை செய்யும். முதல் ஒரு மணி நேரம் அவுட்ஃபீல்ட் ஈரம், நல்ல அடிகூட எல்லைக்கு முன்னால் நின்றுவிடும். பிறகு ஆடுபவர்களுக்கு அதே அடி நான்கு. அங்கே சேஸிங் பக்கம் ஒன்றிரண்டு புள்ளி கொடுப்பேன்.

நகர்த்தக் கூடாத இடம்

டாஸ் முடிந்ததும் தோற்ற கேப்டன் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். "நாங்களும் பந்துவீசத்தான் நினைத்தோம்" என்றால் டாஸ் உண்மையிலேயே ஒருவரிடமிருந்து எதையோ எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் கணக்கைப் போடுங்கள். "எங்களுக்கு பேட்டிங்தான் வேண்டும்" என்று முன்பிருந்தே முதலில் ஆடி ஜெயித்துவரும் அணி என்றால், யார் டாஸ் ஜெயித்தாலும் ஆட்டம் இப்படித்தான் தொடங்கியிருக்கும். அது டாஸுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்த செய்தி, உங்கள் 60-க்குள் அது ஏற்கெனவே இருக்க வேண்டும். மறுபடி கூட்டினால் இரட்டைக் கணக்கு.

அதே நேரத்தில் வரும் இன்னொரு செய்தியையும் டாஸோடு குழப்பிக்கொள்வோம். முக்கிய பந்துவீச்சாளர் இன்று இல்லை என்பது டாஸ் நேரத்தில்தான் அறிவிக்கப்படும். எண் பத்து புள்ளி நகர்ந்தால் அதில் எட்டு அந்த ஆளுக்கு, இரண்டு டாஸுக்கு என்று தனித்தனியாக எழுதுங்கள். டிவியில் காட்டும் வெற்றிக் கணிப்பில் இரண்டும் கலந்தே வரும். அதைப் பார்த்து எழுதிவிட்டு அதன் மேல் டாஸையும் கூட்டுகிறவர்கள் நிறைய.

நோட்டைச் சரிபார்ப்பது

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டாஸுக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் எழுதி வையுங்கள். ஆட்டம் முடிந்ததும், உங்கள் எண்ணை 0.55 என்பது போல மாற்றிக்கொண்டு, ஜெயித்திருந்தால் 1-இலிருந்தும், தோற்றிருந்தால் 0-இலிருந்தும் உங்கள் எண் எவ்வளவு தள்ளியிருந்தது என்று பார்த்து, அதை அதனாலேயே பெருக்கவும். அதுதான் அந்த ஆட்டத்தின் பிழை. குறைவாக இருந்தால் நல்லது.

2021 அக்டோபர் முதல் 2022 செப்டம்பர் வரை துபாயில் நடந்த நான்கு பெரிய இரவு ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம்: ஐபிஎல் இறுதி, உலகக் கோப்பையின் பாகிஸ்தான்–ஆஸ்திரேலியா அரையிறுதி, அதன் இறுதி, ஆசியக் கோப்பை இறுதி. நான்கிலும் டாஸ் ஜெயித்தவர் பந்துவீச்சையே எடுத்தார். ஐபிஎல் இறுதியில் கொல்கத்தா சேஸ் செய்து சென்னையிடம் 27 ரன்னில் தோற்றது. ஆசியக் கோப்பையில் பாகிஸ்தான் சேஸ் செய்து இலங்கையிடம் 23 ரன்னில் தோற்றது. மற்ற இரண்டையும் ஆஸ்திரேலியா துரத்தி ஜெயித்தது. நான்கிலும் அணிகள் சமபலம் என்றே வைத்துக்கொள்வோம்.

டாஸைக் கண்டுகொள்ளாமல் 50 என்றே எழுதியவருக்கு நான்கு ஆட்டப் பிழை 1.00. சேஸிங் அணிக்கு 55 எழுதியவருக்கு 1.01. நான் எழுதியது போல 75 எழுதியவருக்கு 1.25. நவம்பர் 14 அன்று மட்டும் பார்த்தால் 75-தான் மூன்றிலும் சிறந்த எண், அதன் பிழை வெறும் 0.0625. சென்னை ஜெயித்த இரவில் அதே 75-க்கு விழுந்த பிழை 0.5625, ஒன்பது மடங்கு. நான்கு ஆட்டத்தை வைத்து 50-க்கும் 55-க்கும் இடையே எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, அதற்குப் பல நூறு ஆட்டம் வேண்டும். 75-ஐ நோட்டிலிருந்து எடுக்க மட்டும் அந்த நான்கே எனக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் 75-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 55 என்று திருத்தி எழுதி வைத்திருக்கிறேன்.